அக்கா போன் செய்யும் நேரத்தில் அம்மாவைச் சேர்க்க முடியாது

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இந்த வருடத்துக்கான மருத்துவக் காப்பீட்டுச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. எட்டுப் பக்கம். 20-ஆம் தேதிக்குள் பதிவு செய்யச் சொல்கிறார்கள். மனைவி, குழந்தைகளுக்கு கம்பெனியே பிரீமியம் கட்டிவிடும். அம்மாவைச் சேர்த்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி நன்றாக இருக்கிறார். அக்கா வீட்டில்தான் இருக்கிறார். ஏதாவது என்றால் அக்கா போன் பண்ணுவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம். இந்த வருடமே சேர்க்கவா, அடுத்த வருடம் பார்க்கலாமா? கிளெய்ம் வாங்குவதெல்லாம் பெரிய சிக்கல் என்கிறார்களே?

பதில்: தம்பி, “அக்கா போன் பண்ணுவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரியில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அக்கா போன் பண்ணும்போது நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?

அந்த நேரத்தில் அம்மாவைக் காப்பீட்டில் சேர்க்க முடியாது. சுற்றறிக்கையில் கடைசித் தேதி போட்டிருப்பது உங்களை அவசரப்படுத்த இல்லை. உடம்புக்கு வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று விட்டால் நோயாளிகள் மட்டுமே சேர்வார்கள், திட்டம் ஓடாது. அதனால் ஒரு தேதியோடு பட்டியலை மூடி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவில் கதவு திறப்பது பொதுவாகப் புதிதாக வேலைக்கு வந்தவருக்கும், புதிதாகக் கல்யாணம் ஆனவரின் துணைக்கும், புதிதாகப் பிறந்த குழந்தைக்கும்தான். அதற்கும் பெரும்பாலும் 30 நாள் கெடு உண்டு. உங்களைப் பெற்ற அம்மா இந்த மூன்றிலும் வரமாட்டார். 20-ஆம் தேதி போனால் ஒரு வருடம் போனது.

“மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி நன்றாக இருக்கிறார்” என்கிறீர்கள். அந்த மாத்திரைதான் இந்த வருடமே சேர்க்கச் சொல்கிறது. 67 வயதில், சர்க்கரையோடு, தனியாக ஒரு பாலிசி எடுக்கப் போனால் பரிசோதனை கேட்பார்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு வருடக்கணக்கில் காத்திருப்புக் காலம் போடுவார்கள், சிலர் வேண்டாம் என்றே சொல்லிவிடுவார்கள். கம்பெனி எடுக்கும் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. உங்கள் சுற்றறிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். இருந்தால் யோசிக்கவே வேண்டாம். சேர்த்துவிடுங்கள். வேலையை விட்டால் இந்தப் பாதுகாப்பும் அன்றோடு போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் அது சேர்க்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

அம்மாவின் பெயரையும் பிறந்த தேதியையும் அடையாள அட்டையில் இருக்கிறபடி எழுத்து பிசகாமல் எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். இனிஷியல் முன்னால் ஒரு இடத்திலும் பின்னால் ஒரு இடத்திலும் இருந்தால்கூட, அட்மிஷன் நேரத்தில் இவர்தானா அவர் என்று கேள்வி எழுப்புவார்கள். அக்காவுக்குப் போன் போட்டு அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இனி அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பிரீமியம் கட்டிவிட்டால் உங்கள் கடமை முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடப்போவது நீங்கள் அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு அட்மிஷன் கவுன்டரில் நிற்கப்போவது அக்கா. அங்கே இருப்பவர் அம்மாவின் காப்பீட்டு அட்டையையும் அடையாள அட்டையையும் கேட்பார், உங்கள் ஊழியர் எண்ணைக் கேட்பார், எந்த அறை வேண்டும் என்று கேட்பார். அடையாள அட்டை அக்காவிடம் இருக்கும், காப்பீட்டு அட்டையும் ஊழியர் எண்ணும் உங்கள் போனிலும் மெயிலிலும் தூங்குகின்றன. நான்காவதற்கு அக்கா, பாவம், “அம்மாவுக்கு நல்ல ரூமா கொடுங்க” என்பாள். உங்கள் குடும்பத்துக்குப் பெரிய நஷ்டம் வரும் இடம் அதுதான்.

சுற்றறிக்கையில் காப்புத் தொகை என்று ஒரு எண் இருக்கும். 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் அதை மட்டும் பார்த்துவிட்டுப் பேப்பரை மூடிவிடுகிறார்கள். முதலில், அது தலைக்கு 5 லட்சமா, குடும்பம் முழுவதற்கும் சேர்த்தா என்று பாருங்கள். பெரும்பாலும் குடும்பத்துக்குப் பொதுவாகத்தான் இருக்கும். அம்மாவுக்கு 3 லட்சம் செலவானால் அந்த வருடம் குழந்தைகளுக்கு மிச்சம் 2 லட்சம். அடுத்து, அறை வாடகை வரம்பு என்று இரண்டே வரியில் ஒன்று இருக்கும். நாளொன்றுக்குக் காப்புத் தொகையில் 1 சதவீதம் என்றால் 5,000. பெற்றோருக்கு மட்டும் கோ-பே என்று இன்னொன்று இருக்கும். அதாவது அனுமதிக்கப்பட்ட தொகையில் 10 அல்லது 20 சதவீதத்தை நீங்கள் கட்டவேண்டும்.

அக்கா 8,000 வாடகை அறையை எடுத்தாள் என்று வையுங்கள். நான்கு நாள். ஒரு நாளைக்கு 3,000 தானே கூட, 12,000 கைவிட்டுப் போகும், போகட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு அப்படி வராது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம், நர்ஸிங் எல்லாம் அறைக்குத் தக்கபடி ஏறும். அதனால் வரம்புக்கு மேற்பட்ட அறையை எடுத்தால், பல பாலிசிகளில் அந்தக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

பில்லில் அறை 32,000, டாக்டர், தியேட்டர், நர்ஸிங் சேர்த்து 1,20,000, மருந்தும் பரிசோதனையும் 60,000. மொத்தம் 2,12,000. அறைக்கு 20,000தான் கொடுப்பார்கள். 8,000-க்கு 5,000 என்ற விகிதத்தில் அந்த 1,20,000-ம் 75,000 ஆகிவிடும். மருந்திலும் பரிசோதனையிலும் பொதுவாக இந்த வெட்டு விழாது, 60,000-ம் நிற்கும். ஆகமொத்தம் 1,55,000. அதில் 10 சதவீதம் கோ-பே 15,500 போக, இன்சூரன்ஸ் கொடுப்பது 1,39,500. அக்கா கையிலிருந்து போவது 72,500. அதே அம்மா, அதே டாக்டர், 5,000 வாடகை அறையில் இருந்திருந்தால், மற்ற கட்டணங்கள் ஒரு காசு குறையாவிட்டாலும், பில் 2,00,000, கையிலிருந்து போவது கோ-பே 20,000 மட்டும். ஒரே ஒரு கேள்விக்கு, தெரியாமல் சொன்ன ஒரு பதிலுக்கு, 52,500 வித்தியாசம். அந்தப் பதிலைத் தெரிந்து வைத்திருக்கவேண்டிய ஆள் நீங்கள். சுற்றறிக்கை உங்களுக்குத்தான் வந்திருக்கிறது, அக்காவுக்கு வரவில்லை.

கிளெய்ம் சிக்கல் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயப்படுகிறீர்கள். நான் பார்த்தவரை, பாதிச் சிக்கல் யாரிடம் எப்போது சொல்லவேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாததால் வருவது. இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் கேஷ்லெஸ், அதாவது இன்சூரன்ஸ் தரவேண்டிய தொகையை ஆஸ்பத்திரியே நேராக வாங்கிக்கொள்ளும். அங்கே இன்சூரன்ஸ் டெஸ்க் என்று ஒன்று இருக்கும். அட்டையைக் கொடுத்தால் அவர்களே முன் அனுமதிப் படிவத்தை அனுப்புவார்கள். அவசர அட்மிஷன் என்றால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் போயிருக்க வேண்டும். கண்புரை போலத் தேதி குறித்துச் செய்வது என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லவேண்டும். முதலில் வரும் அனுமதி ஒரு பகுதித் தொகைக்குத்தான் இருக்கும், அதைப் பார்த்து அக்கா பதறவேண்டாம். டிஸ்சார்ஜ் அன்று முழுப் பில்லும் போய், கடைசி அனுமதி வந்த பிறகே வீட்டுக்கு விடுவார்கள். அதற்குச் சில மணி நேரம் ஆகும். சர்க்கரை எத்தனை வருடமாக என்று டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். மறைத்தால் அதை வைத்தே நிறுத்திவைப்பார்கள்.

பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் பெரும்பாலும் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் கேட்டு வாங்க வேண்டும். அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரி எந்த வகை என்று இன்றே பட்டியலில் தேடிப் பாருங்கள். கட்டி வாங்குவது என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி, இனவாரியான பில், பணம் கட்டிய ரசீது, ஒவ்வொரு மருந்துப் பில்லுக்கும் டாக்டர் சீட்டு, ரிப்போர்ட்டுகள், எல்லாம் அசல் வேண்டும். கண்ணில் லென்ஸோ இதயத்தில் ஸ்டென்ட்டோ வைத்தால் அதன் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்க வேண்டும், பின்னால் போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம். இதை அனுப்புவதற்கும் கெடு உண்டு, டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 15 நாளோ 30 நாளோ சுற்றறிக்கையில் இருக்கும். அட்மிஷனுக்கு முன்பும் பின்பும் குறிப்பிட்ட நாட்களுக்கு ஆன செலவையும் பல பாலிசிகள் தரும். அந்தப் பில்களையும் அக்கா ஒரு கவரில் போட்டு வைக்கட்டும்.

மகள் வீட்டில் அம்மா இருந்தால் மகன் பொறுப்பு குறைந்துவிட்டது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. அக்கா உடம்பால் பார்க்கிறாள், ராத்திரி விழிக்கிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். உங்கள் சம்பளத்தில் அம்மா பெயருக்கு ஒரு தொகை பிடிப்பது அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அதற்கும் தயங்கி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

பதிவு முடிந்து அட்டை வந்த அன்றே அதை அக்காவுக்கும் மாமாவுக்கும் அனுப்புங்கள். கூடவே ஊழியர் எண், அழைக்கவேண்டிய உதவி எண், அறை வாடகை வரம்பு, பக்கத்தில் உள்ள பட்டியல் ஆஸ்பத்திரி ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, அம்மாவின் மருந்துப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கோ-பே தொகையை அக்காவிடம் ஒதுக்கிக் கொடுத்து வையுங்கள். இன்னொன்றும் உண்டு. கட்டி வாங்கும் கிளெய்மில் பணம் வருவது ஊழியரின் கணக்குக்கு, அதாவது உங்கள் கணக்குக்கு. ஆஸ்பத்திரியில் கட்டியது அக்கா. பணம் வந்து விழுந்த அன்றே, வெட்டிய பகுதியையும் உங்கள் கையிலிருந்து சேர்த்து, அவள் கேட்கும் முன் அனுப்பிவிடுங்கள்.