தூதரகத்துக்குத் தகவல் சொல்லாமல் கைது செய்தால் வழக்கு செல்லாதா?

கேள்வி: சவூதியில் வேலை பார்க்கும் என் தம்பியைப் போலீஸ் பிடித்து ஐந்து வாரம் ஆகிறது. இந்தியத் தூதரகத்துக்கு யாரும் சொல்லவே இல்லையாம். அப்படிச் சொல்லாமல் வைத்திருந்தால் வழக்கே செல்லாது என்கிறார்கள், உண்மையா?

பதில்: உண்மையில்லை. வழக்கு தானாக ரத்தாகாது, உங்கள் தம்பியை அந்தக் காரணத்துக்காக மட்டும் விடுதலை செய்யவும் மாட்டார்கள். ஆனால் தூதரகத்துக்குத் தெரியாமல் கழிந்த ஐந்து வாரங்களுக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். வெளிநாட்டில் சிறைப்பட்டவர்களின் குடும்பத்தினர் பலர் தம்பு செட்டித் தெருவில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு இதே நம்பிக்கையோடு வருகிறார்கள். அந்த நம்பிக்கையிலேயே காத்திருந்து, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இதற்கு அடிப்படையான சட்டம் 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு. இந்தியா, சவூதி அரேபியா இரண்டுமே அதை ஏற்றுக்கொண்ட நாடுகள். வெளிநாட்டவர் ஒருவரைக் கைது செய்தால், தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது என்பதைக் காவல்துறை தாமதமின்றி அவரிடமே சொல்ல வேண்டும். அவர் கேட்டுக்கொண்டால் தூதரகத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், அவர் எழுதும் கடிதத்தையும் உடனே அனுப்பி வைக்க வேண்டும். இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கைதானவரிடம் உரிமையைச் சொல்லும் கடமைக்கு நிபந்தனை எதுவும் கிடையாது. தூதரகத்துக்குச் சொல்லும் கடமையோ, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவர் கேட்டால்தான் எழுகிறது. எனவே "தூதரகத்துக்குத் தெரியாது" என்பதை வைத்து மட்டும் விதிமீறல் என்று வாதிட முடியாது. "உன் தூதரகத்துக்குச் சொல்லட்டுமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை" என்று உங்கள் தம்பி சொல்வதே விதிமீறலை நிறுவும் வாக்குமூலம். கேட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. வேலையில் இருந்து தப்பி ஓடியதாக முதலாளி புகார் கொடுத்திருக்கும்போது, ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் சிலர் அப்படிச் சொல்லிவிடுவதும் உண்டு. தனியுரிமைச் சட்டங்கள் கடுமையாக உள்ள பல நாடுகள், கைதியின் ஒப்புதல் இல்லாமல் தகவல் தர மறுக்கின்றன என்று நம் வெளியுறவு அமைச்சகமே நாடாளுமன்றத்தில் பலமுறை கூறியிருக்கிறது.

உரிமையைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு குல்பூஷண் ஜாதவ் வழக்கு. இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரியான அவரை 2016 மார்ச் 3 அன்று பிடித்ததாகப் பாகிஸ்தான் கூறியது. இந்தியத் தூதருக்கு அதைத் தெரிவித்தது மார்ச் 25 அன்று. அன்றைக்கே இந்தியா அவரைச் சந்திக்க அனுமதி கேட்டது, அதன்பின் மீண்டும் மீண்டும் கேட்டது, ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. இராணுவ நீதிமன்றம் விசாரித்து, 2017 ஏப்ரல் 10 அன்று மரண தண்டனை அறிவிக்கப்பட்டது. மே 8 அன்று இந்தியா ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தை அணுகியது. பத்தே நாளில் தண்டனையை நிறைவேற்ற இடைக்காலத் தடை கிடைத்தது. 2019 ஜூலை 17 அன்று, பதினைந்துக்கு ஒன்று என்ற கணக்கில், பாகிஸ்தான் உடன்படிக்கையை மீறியது என்று தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் உங்கள் தம்பியின் வழக்குக்கும் பயன்படக்கூடிய பகுதிகளை மட்டும் சொல்கிறேன். உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு 36ஆவது பிரிவு பொருந்தாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே குற்றம் எவ்வளவு கடுமையானது என்பது இந்த உரிமையைப் பறிக்கக் காரணமாகாது. அந்த வழக்கின் சூழ்நிலையில் மூன்று வாரம் கழித்துத் தகவல் தந்ததும் விதிமீறலே என்றது. விசாரணைக்கு இந்தியா ஒத்துழைத்தால்தான் சந்திக்க விடுவோம் என்று பாகிஸ்தான் நிபந்தனை போட்டதையும் ஏற்கவில்லை. ஜாதவ் தனக்காக வாதாட இராணுவ அதிகாரி ஒருவரையே ஏற்றுக்கொண்டார் என்ற பதிலும் எடுபடவில்லை, ஏனென்றால் அவருக்கு வழக்கறிஞர் ஏற்பாடு செய்யும் உரிமை தூதரக அதிகாரிகளுக்கும் இருக்கிறது.

அடுத்து வருவதுதான் உங்கள் கேள்விக்கு நேரடியான விடை. தண்டனையை ரத்து செய்ய வேண்டும், ஜாதவை விடுவித்து இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும் என்று இந்தியா கேட்டது. இரண்டையும் நீதிமன்றம் மறுத்தது. மரண தண்டனையே அறிவிக்கப்பட்ட வழக்கில், விதிமீறல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட பிறகும், கிடைத்த நிவாரணம் தீர்ப்பையும் தண்டனையையும் முறையாக மறுஆய்வு செய்து மறுபரிசீலிக்க வேண்டும் என்பதே. அந்த மறுஆய்வில், தூதரக உதவி கிடைக்காததால் அவருடைய தற்காப்பு எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டது என்பதை முழுமையாக எடை போட வேண்டும் என்றது. அதன் பிறகு, 2019 செப்டம்பர் 2 அன்றுதான் இந்திய அதிகாரி ஒருவர் அவரை முதன்முறையாகச் சந்தித்தார். மறுஆய்வுக்கு வழி செய்யும் சட்டம் பாகிஸ்தானில் 2021இல் நிறைவேறியது.

ஆக, விதிமீறல் நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அதனால் விளைந்த பாதிப்பையும் காட்ட வேண்டும். தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கையெழுத்து வாங்கினார்களா? சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததை நிறுவும் வருகைப் பதிவேடு இந்தத் தாமதத்தில் கிடைக்காமல் போயிற்றா? வழக்கறிஞர் வைக்க முடியும் என்பதே தெரியாமல் முதல் விசாரணை முடிந்துவிட்டதா? தூதரக அதிகாரி வந்திருந்தால் இவற்றில் எது தடுக்கப்பட்டிருக்கும் என்று குறிப்பாகச் சொல்ல முடிந்தால்தான் அந்த ஐந்து வாரங்களுக்கு வழக்கில் எடை கிடைக்கும்.

இதைச் சொல்ல வேண்டிய நேரமும் முக்கியமானது. ஜெர்மானியக் குடிமக்களான லாகிராண்ட் சகோதரர்கள் 1982இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கைதானார்கள். தூதரகத்தை அணுகலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. 1992இல், உடன் இருந்த கைதிகளிடமிருந்து தெரிந்துகொண்டு அவர்களே தூதரகத்துக்குத் தகவல் அனுப்பினார்கள். அந்தக் குறையை அமெரிக்க நீதிமன்றங்களில் எழுப்பியபோது, மாநில நீதிமன்றத்தில் உரிய கட்டத்தில் சொல்லாததால் இப்போது கேட்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள். எப்படிச் சொல்ல முடியும்? தெரியாத உரிமையை யார்தான் கோர முடியும்? சர்வதேச நீதிமன்றம் 2001இல் இந்த நியாயத்தை ஏற்று, அந்த விதியை அப்படிப் பயன்படுத்தியதே உடன்படிக்கைக்கு முரணானது என்றது. ஆனால் 1999லேயே இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது. மூத்தவருக்கு, தடுத்து நிறுத்தும்படி அதே நீதிமன்றம் உத்தரவிட்ட நாளிலேயே. இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம், கேள்வியே இல்லாமல் முதல் விசாரணையிலேயே குறையைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று வருகிற எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

இனி உங்களுக்கு. காவல்துறை சொல்லும் வரை தூதரகம் காத்திருக்க வேண்டியதில்லை. கைதான தன் நாட்டவரைச் சந்திக்கவும், பேசவும், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யவும் தூதரக அதிகாரிகளுக்கு 36ஆவது பிரிவே தனி உரிமை கொடுத்திருக்கிறது. கைதி வேண்டாம் என்று வெளிப்படையாக மறுத்தால் மட்டுமே அவர்கள் ஒதுங்க வேண்டும். அதனால் குடும்பம் தரும் தகவலே போதும். தம்பி பிடிபட்டது தம்மாம், ரியாத் பக்கம் என்றால் ரியாத் தூதரகத்துக்கும், ஜித்தா, மக்கா, மதீனா பக்கம் என்றால் ஜித்தாவில் உள்ள துணைத் தூதரகத்துக்கும் எழுதுங்கள். தவறான அலுவலகத்துக்கு எழுதினால் வீணாக நாள் போகும். பாஸ்போர்ட் எண், இக்காமா என்ற குடியிருப்பு அனுமதியின் எண், வேலைக்கு அழைத்த முதலாளியான கஃபீலின் பெயர், கடைசியாகப் பேசிய தேதி, பிடிபட்ட ஊர் ஆகியவற்றைத் தந்து, நேரில் சந்தித்து நிலவரம் தெரிவிக்குமாறு கேளுங்கள். madad.gov.in தளத்திலும் அதே விவரங்களோடு புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் கிடைக்கும் எண்ணும் தேதியும், நீங்கள் எப்போது கேட்டீர்கள் என்பதற்குச் சான்றாக நிற்கும். சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத் துறை ஆணையரகத்துக்கு ஒரு நகல் கொடுங்கள்.

அவர் தர்ஹீல் என்ற நாடுகடத்தல் முகாமில் இருக்கிறாரா, குற்ற வழக்கில் சிறையில் இருக்கிறாரா என்பதை முதலில் கேட்டறியுங்கள். தர்ஹீல் என்றால் பெரும்பாலும் இக்காமா பிரச்சினை, அல்லது ஹுரூப், அதாவது வேலையிலிருந்து ஓடிவிட்டதாக முதலாளி கொடுக்கும் புகார், பயண ஆவணமும் டிக்கெட்டும்தான் தேவைப்படும். குற்ற வழக்கு என்றால் குற்றச்சாட்டு என்ன, அடுத்த விசாரணை எப்போது, அரபி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் உண்டா என்பவை தெரிய வேண்டும். தூதரகம் உங்கள் தம்பிக்காக நீதிமன்றத்தில் வாதாடாது, அந்நாட்டு நீதிபதிக்கு உத்தரவிடவும் முடியாது. ஆனால் வழக்கறிஞர் பட்டியல் தரும், விசாரணையைக் கவனிக்க ஆள் அனுப்பக் கேட்கலாம், வசதியற்றவர்களுக்கு இந்தியச் சமூக நல நிதியிலிருந்து சட்டச் செலவுக்கு உதவும் வழியும் உண்டு.

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சவூதி சிறையில் உள்ளவரை ஆஜர்படுத்த நம் நீதிமன்றத்தால் உத்தரவிட முடியாது. எழுத்துப்பூர்வமாகக் கொடுத்த மனுவை வெளியுறவு அமைச்சகம் கண்டுகொள்ளாமல் இருந்தால், அதைப் பரிசீலித்து முடிவெடுக்கச் சொல்லும்படி மனுப் போடலாம், அவ்வளவே. சர்வதேச நீதிமன்றத்துக்கும் தனிமனிதர் போக முடியாது, அரசுதான் போக வேண்டும். இந்தியா ஜாதவுக்காகப் போக முடிந்தது, உடன்படிக்கை பற்றிய தகராறுகளை அந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழி செய்யும் விருப்ப நெறிமுறையை இந்தியாவும் பாகிஸ்தானும் ஏற்றிருந்ததால்தான். அமெரிக்கா 2005இல் அதிலிருந்து விலகியும் விட்டது.

தூதரக அதிகாரி தம்பியைச் சந்திக்கும் நாளில், உரிமை பற்றி அவரிடம் யாராவது சொன்னார்களா, எந்தத் தேதியில், எந்த மொழியில் என்பதைக் கேட்டு எழுதித் தருமாறு இப்போதே உங்கள் கடிதத்தில் கோரிவிடுங்கள். அங்கே வாதாடப்போகும் வழக்கறிஞர் கையில் முதல் விசாரணைக்கு முன்பே அந்தக் குறிப்பு இருக்க வேண்டும்.