பயத்தைத் துப்பறிய மகளுக்குச் சொல்லிக்கொடுப்பது

"கோத்தகிரியில் இருக்கிறோம். மழை வந்தாலே 8 வயது மகள், அம்மா வரும் பஸ் மேல் மண் சரிந்துவிடும் என்று அழுகிறாள். பயம் நிஜமா என்று தடயம் தேடிப் பார்க்கும் துப்பறிவாளர் பயிற்சி என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?"

அழும்போது ஆரம்பிக்காதீர்கள், அப்போது எதுவும் தலையில் ஏறாது. மழை விட்ட ஒரு சாயங்காலம் நோட்டை எடுத்து, பயத்தைச் சரிபார்க்கக்கூடிய ஒரே வாக்கியமாக அவளையே எழுதச் சொல்லுங்கள்: "இன்று அம்மாவின் பஸ் மேல் மண் சரியும்." கீழே இரண்டு பக்கம், ஆம் என்பதற்கான தடயம், இல்லை என்பதற்கான தடயம். "எனக்குப் பயமா இருக்கு" என்பது தடயம் ஆகாது, பார்த்ததும் எண்ணியதும்தான் தடயம். பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புவார்கள்.

நம் மலையில் மண் சரிவது நிஜம். அதை மறைக்காமல் ஆம் பக்கத்தில் எழுதுங்கள், இல்லையென்றால் உங்களையே நம்ப மாட்டாள். மறுபக்கத்தை அவளே நிரப்பட்டும்: போன வாரம் 4 நாள் மழை, 4 நாளும் அம்மா வந்தாங்க, மண் விழுந்து ரோடு அடைபட்டால் பஸ்ஸை முன்னாலேயே நிறுத்திவிடுவாங்க. அப்புறம், அம்மா தாமதமானால் வேறு என்ன காரணம் இருக்கலாம்? பனிமூட்டம், கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாமல் நிற்கும் லாரி. கடைசியில் "லேட்டாகலாம், ஆனால் பெரும்பாலும் வந்துவிடுவாங்க" என்கிற மாதிரி ஒரு புது வாக்கியம். "கண்டிப்பா ஒன்றும் ஆகாது" என்று மட்டும் எழுத விடாதீர்கள், அது பொய்.

பிறகு 2 வாரம், காலையில் கணிப்பையும் ராத்திரி நடந்ததையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நடுவில் "அம்மா வந்துடுவாங்கதானே?" என்று பத்து முறை கேட்டால் பத்து முறையும் ஆறுதல் சொல்லாமல் நோட்டைக் கையில் கொடுங்கள். தூக்கமோ பள்ளிக்கூடமோ கெட்டால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.