வக்கீலுக்கு ஒரு தாள், அதிகாரிக்கு வேறு தாள்

கேள்வி: தாத்தா 1968-இல் கிரயம் வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட்டில் 40 சென்ட், யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் சமயத்தில் பக்கத்து நிலக்காரர் பட்டாவில் போய்விட்டது. போன வருடம் அவர் வேலியும் போட்டுவிட்டார். அப்பாவும் சித்தப்பாவும் 1991-இல் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வக்கீலும் கோட்டாட்சியர் அலுவலகமும் "சுருக்கமாக எழுதி வாருங்கள்" என்கிறார்கள். பாயிண்ட் பாயிண்டாகவா, பத்தியாகவா, அட்டவணையாகவா? தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர் 3,000 ரூபாய்க்கு எழுதித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: இருவரும் ஒரே சொல்லைச் சொன்னாலும் கேட்பது இரண்டு வேறு தாள்களை. உங்கள் வக்கீல் அந்தத் தாளை மேசையில் விரித்து, பத்திரங்களை ஒவ்வொன்றாக அதனோடு ஒத்துப் பார்ப்பார். அவர் அதைப் பத்து முறையாவது திரும்பப் புரட்டுவார். ஆகையால் அவருக்கு அட்டவணை எழுதுங்கள். கோட்டாட்சியரோ உங்கள் குடும்பத்தை அறியாதவர். மனுவை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்து, யார், எந்த நிலத்துக்கு, என்ன உத்தரவு கேட்கிறார் என்பது தெரிந்ததும் அதை வட்டாட்சியருக்கு அறிக்கை கேட்டு அனுப்பிவிடுவார். அவருக்குப் பத்தி எழுதுங்கள்.

முதலில் அட்டவணை. நிலச் சிக்கலில் ஆண்டுதான் முதுகெலும்பு என்பதால், பழைய ஆண்டு மேலேயும் புதியது கீழேயும் வரட்டும். பத்திரங்கள் ஏக்கர்-சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேரில் பேசும். இரண்டையும் ஒரே நிரலில் கலந்து எழுதுவதால்தான் பாதிப் பேருக்குத் தங்கள் நிலம் எங்கே குறைந்தது என்பதே தெரிவதில்லை. இரண்டுக்கும் தனித்தனி நிரல் போடுங்கள். 1 சென்ட் என்பது சுமார் 40.47 சதுர மீட்டர். பட்டாவில் 0.48.5 என்று இருந்தால் 0 ஹெக்டேர், 48.5 ஏர் என்று படிக்க வேண்டும், 100 ஏர் ஒரு ஹெக்டேர். உங்கள் சர்வே எண் தெரியாததால், 114/2 என்று வைத்துக்கொண்டு காட்டுகிறேன்.

| ஆண்டு | ஆவணம் | யார் பெயரில் | சர்வே எண் | சென்ட் | ஹெக்டேர் |
|---|---|---|---|---|---|
| 1968 | கிரயப் பத்திரம் | தாத்தா | 114/2 | 120 | 0.48.5 |
| யு.டி.ஆர். | பட்டா | தாத்தா | 114/2ஏ | சுமார் 80 | 0.32.5 |
| யு.டி.ஆர். | பட்டா | பக்கத்து நிலக்காரர் | 114/2பி | சுமார் 40 | 0.16.0 |

கீழிரண்டு வரிகளின் ஹெக்டேரைக் கூட்டிப் பாருங்கள், 0.48.5 வருகிறது. பக்கத்து நிலக்காரர் வேறு எங்கிருந்தோ வாங்கிய நிலம் இது அன்று, உங்கள் தாத்தா வாங்கிய நிலமே இரண்டாக உடைக்கப்பட்டு ஒரு துண்டு பெயர் மாறியிருக்கிறது என்பதை இந்தக் கூட்டல் ஒரு வரி விளக்கமும் இல்லாமல் காட்டிவிடும். உங்கள் பட்டாக்களைக் கூட்டும்போது தொகை பொருந்தாவிட்டால், தவறு வேறு வகையானது என்று வக்கீல் உடனே புரிந்துகொள்வார். இதையே பத்தியாக எழுதியிருந்தால் நான்காவது எண்ணிலேயே படிப்பவர் தடுமாறியிருப்பார். யு.டி.ஆர். திட்டம் 1979 முதல் 1987 வரை நடந்தது. அன்று அவசரத்தில் எழுதிய பெயருக்கு இன்றும் பேரப்பிள்ளைகள் அலைகிறார்கள், தவறு அரசுப் பதிவேட்டினுடையது என்றாலும் அதை மெய்ப்பிக்கும் பாரம் மட்டும் நம் தலையில் விழுகிறது.

இனி, அட்டவணைக்குள் அடங்காத ஒன்று உங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது: 1991 வாய்மொழிப் பாகப்பிரிவினை. அதற்கு ஆவணம் இல்லை. எனவே "ஆவணம்" என்ற கட்டத்தில் எதையாவது நிரப்பத் தோன்றும். நிரப்பாதீர்கள். வாய்மொழிப் பிரிவினை சட்டப்படி செல்லும், ஆனால் அது நடந்தது என்பதை அதன்பின் இருவரும் நடந்துகொண்ட விதத்தால்தான் காட்ட முடியும்: யார் எந்தப் பக்கம் உழுதார், யார் எந்த ரசீதில் வரி கட்டினார், கிணற்றுத் தண்ணீரை எப்படிப் பகிர்ந்தார்கள் என்பவை ஒன்றோடொன்று கோத்து வர வேண்டும், அந்தக் கோர்வைக்குக் கட்டம் இடம் தராது. சிலர் பின்னாளில் ஒரு கூர்ச்சீட்டு எழுதி வைத்திருப்பார்கள். முன்பே நடந்த பிரிவினையை நினைவுக்காகக் குறித்த சீட்டுக்குப் பதிவு தேவையில்லை. அந்தச் சீட்டாலேயே பிரித்துக்கொண்டதாக இருந்தால் பதிவு கட்டாயம். "பிரித்துக்கொண்டோம்" என்பதற்கும் "இதன்மூலம் பிரித்துக்கொள்கிறோம்" என்பதற்கும் இடையிலான இந்த வேறுபாடு, அட்டவணையில் "1991 – கூர்ச்சீட்டு" என்று இரண்டே சொல்லாகச் சுருங்கும்போது காணாமற்போகும். ஆகவே அட்டவணையில் 1991-க்கு ஒரு வரி சேர்த்து, அதில் "ஆவணம் இல்லை, பின்பக்கப் பத்தி காண்க" என்று மட்டும் எழுதி, பின்பக்கத்தில் எட்டுப் பத்து வாக்கியங்களில் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள். உங்களிடம் சீட்டு ஏதும் இருந்தால் அதன் சொற்களை மாற்றாமல் அப்படியே பெயர்த்தெழுதுங்கள்.

கோட்டாட்சியருக்கான மனுவில் முதல் வாக்கியத்திலேயே கோரிக்கை வந்துவிட வேண்டும். இப்படித் தொடங்கலாம்: "இன்ன கிராமம் சர்வே எண் 114/2பி-இல் 0.16.0 ஹெக்டேர் நிலம் என் தாத்தா 1968-இல் கிரயம் பெற்றதாக இருந்தும், நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது தவறுதலாக வேறொருவர் பெயரில் பட்டா ஏற்பட்டிருப்பதால், அதை நீக்கி எங்கள் பெயரில் பட்டா வழங்கக் கோருகிறேன்." அதன்பின் காரணம் நான்கைந்து வாக்கியங்கள், அட்டவணை இணைப்பாக. குடும்ப வரலாற்றில் தொடங்கும் மனு, கோரிக்கை வருவதற்கு முன்பே மடிக்கப்பட்டுவிடும்.

பாயிண்ட் பாயிண்டாக எழுதுவதை உங்கள் சித்தப்பா பிள்ளைகளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்: யார் கையெழுத்துப் போட வேண்டும், எந்த ரசீதைத் தேட வேண்டும் என்ற பட்டியலுக்கு அது போதும்.

வாசலில் இருப்பவரைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் கையில் இருப்பது ஒரே அச்சு. பெயரையும் எண்ணையும் மாற்றி, "மேற்படி" என்று தொடங்கும் இருபது பாயிண்ட்டுகளைத் தருவார். அவற்றில் ஒன்று எப்போதும் "எதிர்மனுதாரர் பல ஆண்டுகளாக ஆக்கிரமித்து அனுபவித்து வருகிறார்" என்பதாக இருக்கும். எதிராளி மேல் குற்றம் சுமத்துவதுபோலத் தெரியும் இந்த வரி, உண்மையில் உங்கள் கையெழுத்தோடு அவருக்குக் கிடைக்கும் சான்று. நீங்கள் உரிமையாளர் என்று தெரிந்தும் உங்களுக்கு எதிராக 12 ஆண்டுகள் நிலத்தை அனுபவித்ததாகச் சொல்லி அந்த எதிராளி எதிரிடை அனுபவ உரிமை கோரினால், குறுக்கு விசாரணையில் முதலில் நீட்டப்படும் தாள் இதுதான். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரருக்கு இப்படித்தான் ஆயிற்று. எழுதிக் கொடுத்தவரை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. உங்கள் விஷயத்தில் வேலி போட்டது போன வருடம்தான். எந்த மாதம், அதுவரை அந்த 40 சென்ட்டில் யார் பயிர் வைத்தார்கள் என்பதைப் பத்தியில் முழு வாக்கியமாக எழுதுங்கள். துண்டு துண்டான பாயிண்ட்டில் "அதுவரை", "அதன்பிறகு" என்னும் சொற்கள் உதிர்ந்துபோகும், வழக்கு நிற்பதோ அந்தச் சொற்களில்தான்.

அசல் பத்திரத்தை வாசலில் எழுதித் தருபவரிடம் ஒருநாள் கூடக் கொடுக்காதீர்கள், "நகலெடுத்துத் தருகிறேன்" என்றாலும்கூட. மனு கொடுத்த அன்றே நாள் முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். "பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று அலுவலகத்தில் சொன்னால், அங்கேயே காத்திருங்கள். வக்கீலிடம் கொடுக்கும் தாளிலும் மனுவிலும் ஆண்டும் பரப்பும் ஒன்றாகவே இருக்கின்றனவா என்று கடைசியாக ஒருமுறை ஒத்துப் பாருங்கள். ஒன்றில் 40 சென்ட் என்றும் மற்றதில் 42 சென்ட் என்றும் இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார்.