விடுப்பு முடிந்து வந்தால் வேலை கைமாறியிருக்கிறது: கேள்வி பதில்

சோழிங்கநல்லூர், ஐ.டி.: பேறுகால விடுப்பு முடிந்து ஜனவரியில் சேர்ந்தேன். என் கிளையன்ட் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு டாக்குமென்டேஷன். "குழந்தை சின்னது, கொஞ்ச நாள் ரிலாக்ஸா இருங்க" என்கிறார் மேனேஜர். நல்ல மனுஷர்தான், ஆனால் ஏப்ரலில் அப்ரைசல் வருகிறதே?

சிக்கலே அந்த நல்ல மனசில்தான் இருக்கிறது. உங்களால் எது முடியும், எது முடியாது என்பதை உங்களைக் கேட்காமலே அவர் முடிவு செய்துவிட்டார். அப்ரைசலுக்கு முன்னால் மேனேஜர்கள் கூடி ஒரே கிரேடில் இருப்பவர்களை வரிசைப்படுத்துவார்கள். அப்படிப்பட்ட கூட்டங்களில் மனிதவளத் துறை சார்பாக நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். குழந்தையைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "இந்த வருஷம் இவங்க என்ன பண்ணாங்க?" என்று ஒரு கேள்வி வரும். "டாக்குமென்டேஷன்" என்று உங்கள் மேனேஜர் சொல்வார். அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

அதனால் அப்ரைசல் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே அவரிடம் கால் மணி நேரம் கேளுங்கள். எந்த வேலையை, எந்தத் தேதியிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எந்த நேரம் முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். "எல்லாம் முடியும்" என்றால் அவர் நம்ப மாட்டார், உங்களாலும் காப்பாற்ற முடியாது. பேசி முடித்த அன்றே ஒரு மெயில் போடுங்கள். சண்டைத் தொனி வேண்டாம், இந்த அளவு போதும்:

"இன்று பேசியபடி, மார்ச் 1 முதல் பேமென்ட் மாட்யூலை நான் மறுபடி பார்த்துக்கொள்கிறேன். மாலை 6 முதல் 8.30 வரை கால் எடுக்க இயலாது. 9 மணி கிளையன்ட் காலில் வழக்கம்போல் இருப்பேன். வேலை நேரத்தைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து, "அவங்கதான் லைட்டா வேலை கேட்டாங்க" என்ற பேச்சு எங்கிருந்தோ முளைக்கும். நல்ல மனுஷர் அதற்குள் வேறு புராஜெக்டுக்குப் போயிருப்பார்.

அவரே மீண்டும்: சரி, மெயில் போடுகிறேன். ஜூலை முதல் டிசம்பர் வரை நான் இல்லையே, அதைக் காட்டி ரேட்டிங்கைக் குறைத்தால்?

கணக்கைப் பாருங்கள். உங்களுக்கு வருஷத்துக்கு நான்கு ரிலீஸ் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் ஜூன் வரை இரண்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் பார்த்தால் பாதிதான். ஆனால் நீங்கள் வேலை பார்த்தது ஆறு மாதம், அதற்கு உரிய இலக்கு இரண்டுதான். சுயமதிப்பீட்டுப் படிவத்தில் மேலேயே "பணிபுரிந்த மாதங்கள்: ஏப்ரல்–ஜூன், ஜனவரி–மார்ச்" என்று எழுதி, அதன் கீழ் வேலைகளைப் போடுங்கள். இலக்கை மாதக் கணக்கில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். ரேட்டிங் வந்த பிறகு கேட்டால் அது புகார் ஆகிவிடும்.

சட்டத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்கக்கூடாது, அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றக்கூடாது என்று 1961-ஆம் ஆண்டு பேறுகாலப் பயன் சட்டத்திலேயே இருந்தது, 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. சம்பளத்தைக் குறைத்தாலோ பதவியை இறக்கினாலோ அதைக் காட்டலாம். திரும்பி வந்த பிறகு கிடைக்கும் சுமாரான ரேட்டிங் அதற்குள் வருமா என்பதில் வக்கீல்களே ஆளுக்கொன்று சொல்வார்கள்.

வேளச்சேரி: எனக்கும் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் ஆபீஸ் போனேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள்தான் இதைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்று தோன்றுகிறது.

உங்களை யாரும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகள் எல்லாமே அதைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் ஷெல்லி கோரெல் என்ற சமூகவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தகுதியில் சமமான விண்ணப்பங்கள். சிலவற்றில் மட்டும் பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பு வகிப்பதாக ஒரு வரி. அந்த வரி பெண்ணின் விண்ணப்பத்தில் இருந்தால் திறமைக்கும் வேலை ஈடுபாட்டுக்கும் மதிப்பெண் குறைந்தது, தரலாம் என்று சொன்ன சம்பளமும் இறங்கியது. ஆணின் விண்ணப்பத்தில் இருந்தபோது குறையவில்லை. சிலவற்றில் அவருக்கு அது சாதகமாகவே அமைந்தது, குடும்பஸ்தர், பொறுப்பானவர் என்று. நம் ஊர் ஆபீஸ்களிலும் இதே பேச்சுதான் என் காதில் விழுந்திருக்கிறது.

மேனேஜர், கோவை: இதைப் பற்றிப் பேசினாலே பாகுபாடு என்பார்கள். அதனால் நான் எதுவும் கேட்பதில்லை, எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை கொடுத்துவிடுகிறேன். இது சரிதானே?

பாதி சரி. குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அடுத்த குழந்தை எப்போது என்றெல்லாம் கேட்காமல் இருப்பது நல்லது. வேலையைப் பற்றிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். "மே மாதம் பத்து நாள் புனே போக வேண்டியிருக்கிறது, வருகிறீர்களா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அது அந்தப் பயணத்துக்கு மட்டும்தான், அடுத்த முறை மறுபடி கேட்க வேண்டும். ஒரு தடவை மறுத்தவரை நிரந்தரமாகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது, நான் பார்த்தவரை, மேனேஜர்கள் தங்களுக்கே தெரியாமல் செய்வது.

வங்கி ஊழியர், மதுரை: எங்கள் மேனேஜரே பெண்தான். "நானெல்லாம் நாற்பதாம் நாள் வேலைக்கு வந்தவ" என்று எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்டுகிறார்.

பிரசவம் ஆகி ஆறு வாரத்துக்குள் ஒரு பெண்ணை வேலைக்கு வைப்பதைச் சட்டம் அன்றும் தடுத்தது, இன்றும் தடுக்கிறது. ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள். அவர் சொல்வது உண்மையானால் தவறு செய்தது அன்றைய நிர்வாகம். 2017-க்கு முன் சட்டப்படி கிடைத்ததே 12 வாரம்தான், அதன் பிறகுதான் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 ஆனது. அவர் பட்ட கஷ்டம் நிஜம். அதை அளவுகோலாக்குவதைத்தான் ஏற்க முடியாது. மற்றவர்கள் முன்னால் பதில் சொல்லாதீர்கள், தனியாக இருக்கும்போது பேசுங்கள். அவர் மாறுவாரா என்றால், என்னால் உத்தரவாதம் தர முடியாது.

பனியன் கம்பெனி, திருப்பூர்: செக்கிங்கில் இருக்கிறேன். குழந்தைக்கு எட்டு மாசம். பால் கொடுக்கப் போனால், "புள்ளைய பாக்கணும்னா வீட்டுலயே இருக்க வேண்டியதுதானே" என்கிறார் சூப்பர்வைசர். இருநூறு பேர் வேலை செய்கிறோம். குழந்தைகள் ரூம் என்று ஒன்று இருக்கிறது, பூட்டியே கிடக்கிறது.

குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, சாப்பாட்டு இடைவேளை போக, பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு முறை விடவேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வர உங்களுக்கு உரிமை உண்டு. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தபோதும் இவை போகவில்லை. சூப்பர்வைசர் உங்களுக்குச் சலுகை எதுவும் தரவில்லை.

பூட்டிய அறை என்கிறீர்களே, எக்ஸ்போர்ட் கம்பெனி என்றால் அதன் சாவி ஆடிட் அன்று வெளியே வரும். வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அன்றைக்குப் பொம்மை, தொட்டில் எல்லாம் இருக்கும், ஓர் ஆயாகூட இருப்பார். அந்த ஆட்கள் தொழிலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது வழக்கம். அப்போது அறை எத்தனை நாள் திறந்திருந்தது என்று சொல்லுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். தனி ஆளாகப் போனால் அடுத்த வாரமே வேறு செக்ஷனுக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. கைக்குழந்தை உள்ள இன்னும் நான்கைந்து பேர் உங்கள் யூனிட்டில் இருப்பார்கள். முதலில் அவர்களைப் பாருங்கள், மனுவில் எல்லாரும் கையெழுத்துப் போடட்டும்.