மண்டலவாரி மாத விற்பனை: பார் சார்ட்டா, லைன் சார்ட்டா?

கேள்வி: அஞ்சு மண்டலத்தோட 12 மாத விற்பனையை ஒரே சார்ட்டில் காட்டணும். பார் சார்ட் போடுறதா, லைன் சார்ட் போடுறதா?

பதில்:

லைன் சார்ட் போடுங்கள். பார் சார்ட்டில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஐந்து பார் வீதம் அறுபது பார் நிற்கும். ஒரு மண்டலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிய, நடுவில் நாலு நாலு பாரைத் தாண்டித் தாண்டிக் கண் ஓட வேண்டும். அடுக்குப் பார் போட்டாலும் தீராது: அடியில் இருக்கும் மண்டலத்தையும் மொத்தத்தையும் மட்டுமே ஒழுங்காகப் படிக்கலாம், மற்றவை மாதத்துக்கு மாதம் வேறு வேறு உயரத்தில் தொடங்கும்.

"இந்த மாதம் எந்த மண்டலம் முன்னால் நிற்கிறது?" என்பதுதான் கேள்வி என்றால் பார் சார்ட்டே சரி. அந்த ஒரு மாதத்தை மட்டும் எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, அச்சைப் பூஜ்யத்தில் தொடங்குங்கள்.

லைன் சார்ட்டில் உண்மையான சிக்கல், மண்டலங்களின் அளவு வித்தியாசம்தான். வடக்கு 4000 யூனிட்டிலிருந்து 4200 ஆகிறது, மேற்கு 300லிருந்து 450 ஆகிறது என்று வையுங்கள். அச்சு 0 முதல் 5000 வரை, சார்ட்டின் உயரம் 10 செ.மீ. என்றால் வடக்குக் கோடு 0.4 செ.மீ. ஏறும், மேற்கு 0.3 செ.மீ.தான் ஏறும். எண்ணிக்கையில் அது சரிதான். ஆனால் மேற்கு 50% வளர்ந்திருக்கிறது, வடக்கு வெறும் 5%. பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

வளர்ச்சியைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் எல்லா மண்டலத்தையும் 100இல் தொடங்க வையுங்கள். A பத்தியில் மாதம், B முதல் F வரை மண்டலங்கள், முதல் மாதம் 2ஆம் வரிசையில் என்றால், காலியாக உள்ள H2இல் இதை அடித்து L பத்தி வரைக்கும், பிறகு கீழேயும் இழுங்கள்:

```
=B2/B$2*100
```

இப்போது வடக்கு 105, மேற்கு 150. முதல் மாதம் வழக்கத்துக்கு மாறாக மந்தமாக இருந்திருந்தால் அந்த மண்டலம் ஆண்டு முழுக்கப் பொய்யாக உயர்ந்து தெரியும். அப்போது முதல் மூன்று மாதச் சராசரியால் வகுங்கள். விற்பனை அளவும் தெரிய வேண்டுமென்றால் அதற்குத் தனி சார்ட். வலப்பக்கம் இரண்டாவது அச்சு மட்டும் வேண்டாம். எந்தக் கோடு எந்த அச்சுக்கு என்று தேடுவதிலேயே பார்ப்பவர் களைத்துவிடுவார்.

திடீரென்று ஒரு கோடு பூஜ்யத்துக்கு விழுந்தால், விற்பனை படுத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் அந்தச் செல்லைப் பாருங்கள். ஃபார்முலா `""` கொடுத்தால் எக்செல் அதைப் பூஜ்யமாகவே வரையும். அந்த இடத்தில் `NA()` கொடுங்கள். நடப்பு மாதம் முடியாமல் இருந்தாலும் கடைசிப் புள்ளி இப்படித்தான் சரியும். மாதம் முடியும்வரை அதைச் சேர்க்காதீர்கள்.

ஐந்து கோட்டுக்கும் ஐந்து பளிச்சென்ற நிறம் தேவையில்லை. பேசப்போகிற மண்டலத்துக்கு மட்டும் நிறம், மற்ற நான்கும் சாம்பல். மண்டலப் பெயரைக் கோட்டின் வலது முனையிலேயே எழுதிவிடுங்கள்.