30 நாள் கெடு யாருக்கு?

கேள்வி: "நான் கட்டட ஒப்பந்ததாரர். 'தளம் போட்ட 30 நாட்களுக்குள் பொறியாளர் அளந்து சான்றளித்த தொகையை உரிமையாளர் செலுத்த வேண்டும்' என்பது எங்கள் ஒப்பந்த வாசகம். முதல் தளத்துக்கு 22ஆம் நாளே பணம் கொடுத்தவர், இரண்டாம் தளத்துக்குப் பொறியாளர் 25ஆம் நாள் சான்றளித்த 8 லட்சத்தை 70 நாளாகியும் தரவில்லை. கெடு பொறியாளருக்குத்தானாம். கூடப்பிறந்தவராக நினைத்தேன். வேலையை நிறுத்திவிட்டுப் புது ஒப்பந்தம் கேட்கலாமா?"

பதில்: உங்கள் மனவருத்தத்தை நீதிமன்றம் எடைபோடாது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 22ஆம் நாள்தான் வழக்கில் நிற்கும். வாசகம் இருபொருள் படும்போது தரப்பினர் அதன்படி எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பார்க்கலாம் என்று கோத்ரா மின்சார நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அந்த வங்கிக் கணக்கு நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் அது ஒன்றே போதும் என்று நம்பிவிடாதீர்கள். "30 நாட்களுக்குள்" என்ற சொல் "சான்றளித்த" என்பதற்கு முன்னால் நிற்பதால், அதனோடு சேர்த்துப் படிப்பதும் இலக்கணப்படி தவறில்லை. அப்படிப் படித்தால் பணத்துக்குக் கெடு இல்லையென்றாகி, இந்திய ஒப்பந்தச் சட்டம் 46ஆம் பிரிவின்படி நியாயமான காலத்துக்குள் தந்தால் போதும் என்றாகும். கடன் அப்போதும் கடன்தான். தவறிய நாள் மட்டுமே தள்ளிப்போகும்.

என் கட்சிக்காரர்கள் விழுந்த குழி இதுதான். உரிமையாளர் தவறிவிட்டார் என்று தாமே முடிவுசெய்து, சாரத்தைப் பிரித்து ஆட்களை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீதிமன்றம் மற்றப் பொருளை ஏற்றுக்கொண்டால், ஒப்பந்தத்தை மீறியவர் ஒப்பந்ததாரராகிவிடுவார். மீதி வேலையை வேறொருவரிடம் முடித்த கூடுதல் செலவும் அவர் தலையில் விழும். எனவே வேலையை நிறுத்தாதீர்கள். எழுத்தில் பணத்தைக் கேளுங்கள்.

புது ஒப்பந்தமும் வேண்டாம். அது பழையதற்குப் பதிலானது என்றாகிவிட்டால், 62ஆம் பிரிவின்படி பழையதை நிறைவேற்ற வேண்டியதில்லை. ஏற்கெனவே சேர்ந்த உரிமையும் கேள்விக்குள்ளாகும். மூல ஒப்பந்தத் தேதியிலிருந்தே இதுதான் பொருள் என்று கூறும் தெளிவுரையில் இருவரும் கையெழுத்திட்டால் போதும்: "பொறியாளர் அளந்து சான்றளித்த தொகையை உரிமையாளர் தளம் போட்ட 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும்." ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை, கெடு தன் வினையான "செலுத்த" என்பதன் அருகே போய் நிற்கிறது, அவ்வளவுதான். பழைய வாசகத்தில் ஒரு காற்புள்ளி இட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள்; நகலெடுக்கும்போது முதலில் விடுபடுவது அதுதான். "சான்றளித்த 30 நாட்களுக்குள்" என்று எழுத ஒப்பினீர்களானால் அது திருத்தமல்ல, மாற்றம்: உங்கள் கெடு 30ஆம் நாளிலிருந்து 55ஆம் நாளுக்குப் போய்விடும்.

கையெழுத்துக்கு ஈடாக அவர் வட்டியைத் தள்ளச் சொன்னால் தள்ளிவிடுங்கள். ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தாலும், தாமதமான 40 நாளுக்குச் சுமார் 10,500 ரூபாய்தான் வரும். அசலுக்குத் தேதியிட்ட காசோலையையும் தெளிவுரையில் கையெழுத்தையும் ஒரே அமர்வில் வாங்கிக்கொள்ளுங்கள்.