உற்பத்தி குறைந்தால் ஒரு பீஸின் ஓவர்ஹெட் ஏன் ஏறுகிறது?

"உற்பத்தி குறைந்தால் செலவும் குறையத்தானே வேண்டும்? ஒரு பீஸுக்கான ஓவர்ஹெட் மட்டும் ஏன் ஏறுகிறது?"

புதிதாகப் பயிற்சிக்குச் சேருபவர்களுக்கு நான் பனியன் கம்பெனிக் கணக்கைத்தான் சொல்வேன். துணி, நூல் போல இந்தப் பீஸுக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாத செலவுதான் ஓவர்ஹெட். அதில் பெரும்பங்கு கட்டட வாடகை, சூப்பர்வைசர் சம்பளம். மெஷின் ஓடினாலும் தூங்கினாலும் மாதம் 3 லட்சம் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 பீஸ் தைத்தால் ஒன்றுக்கு 30 ரூபாய். ஆர்டர் குறைந்து 6,000 தைத்தால் 50 ரூபாய். பழனிக்கு வேன் பேசியபின் நாலு பேர் வராமல் போனால் மற்றவர்கள் தலையில் விழும் பங்கு ஏறுகிறதே, அதே கதை. (ஊசி, மெஷின் எண்ணெய் எல்லாம் பீஸோடு சேர்ந்தே குறையும், அவற்றை இதில் சேர்க்கவில்லை.)

அப்புறம், ரேட் ஏறியதும் யாரோ வீண்செலவு செய்துவிட்டதாகத் தேடாதீர்கள். மொத்தம் அதே 3 லட்சம்தான்.